மூன்று செயலிகள்... ஒரு பக்கக் கடிதம்!

கேம்பஸ் இன்டர்வியூ கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் இல்லை. தானாகவே கற்றுக்கொண்டு மூன்று சிறிய ஆப் செய்த ஒருவர், முதல் வேலைக்கு எழுதும் கவர் லெட்டரில் எதைச் சொன்னால் எடுபடும்?

மாலை ஆறரை மணி. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். ஆண்ட்ராய்ட் குழுவின் டீம் லீட் அன்றைய வேலையை முடித்துவிட்டு, ஜூனியர் டெவலப்பர் பணிக்கு வந்த விண்ணப்பங்களைத் திறக்கிறார். ஒரு கடிதத்தில் மூன்று செயலிகள் செய்திருப்பதாக எழுதியிருக்கிறது. முதல் செயலியைத் தன் பழைய சோதனை ஃபோனில் நிறுவுகிறார். கடன் கணக்கு எழுதும் செயலி அது. 'முருகேசன், 450 ரூபாய்' என்று தட்டச்சு செய்கிறார். சேமிக்கும் முன் ஃபோனைப் பக்கவாட்டில் திருப்புகிறார். எழுதியது எல்லாம் காணாமல் போகிறது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்.

இது ஏதோ ஓர் அலுவலகத்தின் கதை அல்ல. சிறிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் பார்க்கப்படும் விதத்தைக் காட்டும் ஒரு காட்சி. ஆண்ட்ராய்டில் ஃபோனைத் திருப்பினால் திரை அழிந்து புதிதாக உருவாகும். ஜெட்பேக் கம்போஸில் `remember` என்று எழுதிய இடத்தில் `rememberSaveable` என்று எழுதியிருந்தால் அந்த 450 ரூபாய் தப்பியிருக்கும். தன் விண்ணப்பம் இங்கேதான் நின்றது என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பதில் வராததால், 'நம்மிடம் டிகிரி இல்லை, அதனால்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இந்த இடைவெளியை ஒரு பக்கக் கடிதத்தால் பெருமளவு குறைக்க முடியும். அதற்கு முதலில், கடிதத்தை யார் படிக்கிறார், படித்துவிட்டு என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும்.

## கடிதம் எங்கே எடுபடும்?

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் மதிப்பெண் வரம்பு, ஆன்லைன் தேர்வு ஆகியவற்றை வைத்தே ஃப்ரெஷர்களை வடிகட்டுகின்றன. அங்கே கவர் லெட்டருக்குப் பெரிய வேலை இல்லை. சொந்தமாகச் செயலி நடத்தும் சிறு நிறுவனங்களிலும், மற்றவர்களுக்குச் செயலி செய்து தரும் சிறு குழுக்களிலும் நிலைமை வேறு. எச்.ஆர். மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியதைக் கோடு எழுதுகிறவரே படிக்கிறார். சில இடங்களில் எச்.ஆரே கிடையாது. நிறுவனரே படிப்பார்.

கோடு எழுதுகிறவர் படிக்கும்போது அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: 'இவர் சொல்வதை நான் இப்போதே சரிபார்க்க முடியுமா?' ஆர்வமுள்ளவன், கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்பவன் போன்ற வரிகள் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவற்றைச் சரிபார்க்க வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அனுபவம் உள்ளவரிடம் முந்தைய வேலையைப் பற்றிக் கேட்கலாம். ஃப்ரெஷரிடம் கேட்க இருப்பது அவர் கடிதத்தில் எழுதியது மட்டும்தான். எனவே கடிதம்தான் நேர்முகத்தேர்வின் கேள்வித்தாள். அந்தக் கேள்வித்தாளைத் தயாரிக்கும் வாய்ப்பு விண்ணப்பிப்பவர் கையிலேயே இருக்கிறது. செயலியில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைவிட, செய்யும்போது எங்கே சிக்கியது, எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதே நல்ல கேள்வியை வரவழைக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பி.காம். முடித்த ஓர் இளைஞர். கோட்லின் மொழியைத் தானே கற்று மூன்று செயலிகள் செய்திருக்கிறார். ஒன்று மளிகைக் கடையின் பற்றுக் கணக்கு, இன்னொன்று மாத்திரை நினைவூட்டி, மூன்றாவது வானிலை காட்டும் செயலி. ஃப்ரெஷர்கள் வழக்கமாகச் செய்யும் வகைதான். ஆனால், ஒவ்வொன்றுக்குள்ளும் கடிதத்தில் எழுதத் தகுந்த ஒரு விஷயம் இருக்கிறது.

## பற்றுக் கணக்கு: பணமும் பழைய தரவும்

கடன் கணக்குச் செயலியை முதன்முதலாகச் செய்பவர்கள் பணத்தை `Double` என்ற தசம எண் வகையில் சேமிப்பது வழக்கம். கம்ப்யூட்டர் அந்த வகை எண்களை இரும முறையில் வைத்திருப்பதால், பல தசமங்களைத் துல்லியமாகக் காட்ட முடியாது.

```kotlin
println(0.1 + 0.2)  // 0.30000000000000004
```

ஒரு வரவில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான வரவுகளைக் கூட்டி, 'பாக்கி பூஜ்யமா?' என்று செயலி சோதிக்கும்போது, கடனை முழுதும் அடைத்த வாடிக்கையாளருக்குப் பாக்கி இருப்பதாகக் காட்டக்கூடும். தீர்வு எளிது. ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக, `Long` வகையில் சேமித்தால் போதும். 450 ரூபாய் என்பது 45000 ஆக உள்ளே இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாறும்.

இதைவிடக் கனமான விஷயம் இரண்டாம் பதிப்பில் வரும். கடைக்காரர், 'வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்' என்கிறார். தரவுத்தளத்தில் ஒரு புதிய நெடுவரிசை வேண்டும். ரூம் நூலகத்தைப் பயன்படுத்தும் செயலியில் அட்டவணையை மாற்றி, பதிப்பு எண்ணையும் உயர்த்திவிட்டு, பழையதிலிருந்து புதியதற்கு எப்படி மாறுவது என்று சொல்லாமல் விட்டால், அப்டேட் செய்தவரின் ஃபோனில் செயலி திறந்ததுமே நின்றுவிடும். இதைச் சரிசெய்ய `fallbackToDestructiveMigration` என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். செயலியும் திறந்துவிடும். ஆனால் பழைய தரவு முழுதும் அழிந்திருக்கும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்குக் கடைக்காரரிடம் இருந்த ஒரே சான்று அது.

சரியான வழி, பழைய அட்டவணையைக் காப்பாற்றியபடி மாற்றத்தை எழுதிக் கொடுப்பது:

```sql
ALTER TABLE customers ADD COLUMN phone TEXT
```

முதல் பதிப்பை நிறுவி, சில வரவுகளை எழுதி, அதன்மேல் இரண்டாம் பதிப்பை நிறுவிப் பார்த்தால்தான் இந்தப் பிழை தெரியும். புதிதாக நிறுவிச் சோதிப்பவருக்கு என்றுமே தெரியாது. 'ஒரு கடைக்காரர் இதைத் தினமும் பயன்படுத்துகிறார், இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது அவருடைய கணக்கு அப்படியே இருந்தது' என்று எழுத முடிந்தால், படிப்பவருக்கு இரண்டு விஷயங்கள் ஒரே வரியில் கிடைக்கின்றன. செயலிக்கு உண்மையான பயனர் இருக்கிறார். செய்தவருக்கு அப்டேட்டின் ஆபத்து தெரிந்திருக்கிறது.

## மாத்திரை நினைவூட்டி: ஃபோன் அணைந்து எழுந்தால்?

இரவு எட்டு மணிக்கு மாத்திரையை நினைவூட்ட வேண்டும். செயலி `AlarmManager` மூலம் அலாரம் வைக்கிறது. சோதித்தால் சரியாக ஒலிக்கிறது. ஆனால் ஃபோனை அணைத்து மறுபடி போட்டால், வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் போய்விடும். ஆண்ட்ராய்டின் இயல்பு அது. ஃபோன் எழுந்ததும் கிடைக்கும் `BOOT_COMPLETED` அறிவிப்பைச் செயலி கேட்டு வாங்கி, அலாரங்களை மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. சாதாரணச் செயலிகளுக்கு இந்த அறிவிப்பு, பயனர் ஒருமுறை ஃபோனின் பூட்டைத் திறந்த பிறகுதான் வரும். நள்ளிரவில் அணைந்து எழுந்த ஃபோனைக் காலையில் யாரும் திறக்காவிட்டால் ஏழு மணி மாத்திரைக்கு அலாரம் ஒலிக்காது. இதற்கு மேல், ஆண்ட்ராய்ட் 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 14-இல், குறித்த நேரத்தில் ஒலிக்கும் அலாரத்துக்கான `SCHEDULE_EXACT_ALARM` அனுமதி, புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு முதலிலேயே மறுக்கப்பட்டிருக்கும். பயனர் அமைப்புகளுக்குப் போய் அதை இயக்க வேண்டும். பேட்டரியைச் சேமிப்பதற்காகச் சில ஃபோன் தயாரிப்பாளர்கள் கூடுதலாகப் போடும் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன.

இவ்வளவையும் ஒரு ஃப்ரெஷர் தீர்த்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதைத் தீர்த்தார், எது இன்னும் தீரவில்லை என்று அவருக்கே தெரிந்திருப்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மருந்து விஷயத்தில் இது நேர்மை சார்ந்ததும்கூட. 'மாத்திரை ஒருபோதும் தவறாது' என்று எழுதியவர் தன் செயலியைச் சோதிக்கவில்லை என்று படிப்பவர் புரிந்துகொள்வார். 'ஃபோன் எழுந்ததும் அலாரங்கள் மீண்டும் பதிவாகும், ஆனால் பூட்டைத் திறக்கும் வரை பதிவாகாது, இது இன்னும் தீரவில்லை' என்று எழுதியவர் சோதித்திருக்கிறார்.

## வானிலை: பாடத்தைப் பார்த்துச் செய்தது

மூன்றாவது செயலியை அவர் ஒரு வீடியோ பாடத்தைப் பின்பற்றிச் செய்தார். இதை மறைப்பதுதான் பலரும் செய்வது. மறைக்க முடியாது. அதே திரை, அதே வண்ணம், அதே கோப்புப் பெயர்களோடு பத்து விண்ணப்பங்கள் ஏற்கெனவே வந்திருக்கும். 'பாடத்தைப் பார்த்துச் செய்தேன், பிறகு இதை மட்டும் நானே மாற்றினேன்' என்று சொல்லிவிட்டால், மாற்றிய பகுதி அவருடைய சொந்த உழைப்பாகக் கணக்கில் சேரும்.

மாற்றத் தகுந்தது என்ன? பாடங்கள் பெரும்பாலும் நெட் நன்றாக இருக்கும் இடத்தில் எடுக்கப்படுகின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் திறந்தால் அந்தச் செயலி வெற்றுத் திரையைக் காட்டும். கடைசியாகக் கிடைத்த வானிலையைச் சேமித்து வைத்து, 'காலை 9.10 நிலவரம்' என்று நேரத்தோடு காட்டும்படி மாற்றினால் அது உண்மையான மேம்பாடு.

வானிலைச் செயலியில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்து, தரவு தரும் சேவையின் ஏ.பி.ஐ. சாவி. அதைக் கோடிலேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு நினைவு வந்து அந்த வரியை அழித்தாலும், கிட் பழைய பதிப்புகள் அனைத்தையும் வைத்திருப்பதால் சாவி அங்கேயே இருக்கும். சேவைத் தளத்துக்குப் போய் அந்தச் சாவியை ரத்து செய்து, புதியது வாங்குவதுதான் தீர்வு. புதிய சாவியை கிட்டுக்கு வெளியே வைத்தாலும், நிறுவும் கோப்பைப் பிரித்துப் பார்ப்பவர் அதை எடுத்துவிட முடியும். அதனால்தான் வணிகச் செயலிகளில் இப்படிப்பட்ட சாவி சர்வரில் இருக்கும். இந்த வேறுபாடு தெரிந்தவர் என்பது இரண்டு வரியில் வெளிப்பட்டால், பாடத்தைப் பார்த்துச் செய்த செயலிக்கும் மதிப்பு வந்துவிடும்.

> பெட்டிச் செய்தி: பிளே ஸ்டோரில் இல்லையே!
>
> - பிளே ஸ்டோரில் வெளியிட டெவலப்பர் கணக்கு வேண்டும். கட்டணம் 25 டாலர், ஒருமுறை மட்டும். ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுதோறும் 99 டாலர்.
> - 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகள், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன் மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 சோதனையாளர்கள் தேவை என்றிருந்தது. 2024 டிசம்பரில் அது 12 ஆகக் குறைந்தது. அவர்கள் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையில் இருக்க வேண்டும்.
> - எனவே ஸ்டோரில் இல்லை என்பது குறையல்ல. கிட்ஹப்பின் 'ரிலீசஸ்' பகுதியில் நிறுவும் கோப்பை வைத்து, அந்த இணைப்பைக் கொடுக்கலாம்.
> - 12 பேரைச் சேர்த்துச் சோதனை நடத்தியிருந்தால், அவர்கள் சொன்ன ஒரு குறையையும் அதற்குச் செய்த திருத்தத்தையும் கடிதத்தில் குறிப்பிடலாம்.

## இதோ அந்தக் கடிதம்

நடைமுறையில் இந்தக் கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இந்தக் கட்டுரைக்காக எழுதிய மாதிரியைத் தமிழில் தருகிறோம்.

> வணக்கம்.
>
> உங்கள் நிறுவனத்தின் ஜூனியர் ஆண்ட்ராய்ட் டெவலப்பர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் பி.காம். பட்டதாரி. கோட்லின், ஜெட்பேக் கம்போஸ் இரண்டையும் நானாகவே கற்றேன். நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவம் இல்லை. மூன்று சிறிய செயலிகள் செய்திருக்கிறேன். மூன்றின் கோடும் நிறுவும் கோப்பும் கீழே உள்ள இணைப்பில் இருக்கின்றன.
>
> பற்றுக் கணக்கு: எங்கள் தெரு மளிகைக் கடையில் தினமும் பயன்படுகிறது. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் சேமிக்கிறேன். ஃபோன் நம்பர் சேர்த்த இரண்டாம் பதிப்புக்கு ரூம் மைக்ரேஷன் எழுதினேன். கடைக்காரரின் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.
>
> மாத்திரை நினைவூட்டி: ஃபோனை அணைத்துப் போட்டாலும் அலாரங்கள் மீண்டும் பதிவாகின்றன. பூட்டைத் திறக்கும் வரை அது நடக்காது என்பது தீராத குறை. README-இல் எழுதியிருக்கிறேன்.
>
> வானிலை: வீடியோ பாடத்தைப் பின்பற்றிச் செய்தது. நெட் இல்லாதபோது கடைசி நிலவரத்தை நேரத்துடன் காட்டும் பகுதி என்னுடையது.
>
> கணக்கிடும் பகுதிக்கு மட்டுமே டெஸ்ட் எழுதியிருக்கிறேன். குழுவாக ஒரே கோடில் வேலை செய்ததில்லை.
>
> உங்கள் பில்லிங் செயலியை என் ஃபோனில் பயன்படுத்திப் பார்த்தேன். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே மறைகிறது. கண் பார்வை குறைந்த கடைக்காரர்கள் அந்த அளவில்தான் ஃபோனை வைத்திருக்கிறார்கள் என்பதால் இதைக் கவனித்தேன். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.
>
> நன்றி.

கடைசிப் பத்தி 'ஏன் எங்கள் நிறுவனம்?' என்ற கேள்விக்குப் பதில். நிறுவனத்தைப் புகழ்வதை எந்த முகவரிக்கும் அனுப்பலாம். அவர்களுடைய செயலியைப் பயன்படுத்திக் கண்ட ஒரு சிறு விஷயத்தை அந்த முகவரிக்கு மட்டுமே எழுத முடியும். சொல்லும் தொனியில் குற்றம் கண்டுபிடித்த பெருமை இருக்கக் கூடாது. யாருக்குச் சிரமம் என்பதைச் சொன்னால் போதும்.

## கடிதம் போன பிறகு

படிப்பவர் ஆர்வம் கொண்டால் அடுத்து கிட்ஹப் இணைப்பைத் தட்டுவார். அங்கே அவர் முதலில் பார்ப்பது கமிட் வரலாறு. மொத்தச் செயலியும் ஒரே நாளில் ஒரே கமிட்டாக ஏறியிருந்தால், எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியதோ என்ற ஐயம் வரும். சிறு சிறு கமிட்டுகளாக, 'மைக்ரேஷன் சேர்த்தது', 'ஃபோனைத் திருப்பினால் தொகை அழிவதைச் சரிசெய்தது' என்று இருந்தால், வேலை நடந்த வழி தெரியும். இதை விண்ணப்பிக்கும் வாரத்தில் உருவாக்க முடியாது. முதல் நாளிலிருந்தே வர வேண்டிய பழக்கம்.

அடுத்து, கோடைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி இயக்கிப் பார்ப்பார். பல செயலிகள் இங்கேதான் விழுகின்றன. செய்தவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பு கிட்டில் இருக்காது. பில்ட் நின்றுவிடும். எந்தக் கோப்பு வேண்டும், சாவியை எங்கே எழுத வேண்டும் என்று README சொல்லாவிட்டால், அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அனுப்பும் முன் நண்பரின் லேப்டாப்பில் புதிதாக இறக்கி, README-ஐ மட்டும் பார்த்து இயக்கச் சொன்னால் இந்தப் பிழை அங்கேயே வெளிப்படும்.

ஸ்கிரீன்ஷாட்டையும் மறந்துவிடக் கூடாது. பற்றுக் கணக்கின் படத்தில் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், ஃபோன் நம்பர், கடன் தொகை தெரிந்தால் அது வேலை தேடுபவருக்கே எதிராகத் திரும்பும். 'எங்கள் வாடிக்கையாளர் தரவையும் இப்படித்தான் வெளியிடுவாரோ?' என்று நிறுவனம் எண்ணும். அதைவிட முக்கியம், ஒரு தெருவில் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்பதை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. கற்பனைப் பெயர்களை இட்டு எடுத்த படம் மட்டுமே வெளியே போகலாம்.

இதெல்லாம் தாண்டி இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தால், கேள்விகள் கடிதத்திலிருந்தே எழும். 'மைக்ரேஷனை எப்படிச் சோதித்தீர்கள்?' 'ஏன் பைசா?' 'பூட்டைத் திறக்காத ஃபோனுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தீர்களா?' மூன்றுக்கும் அந்த இளைஞரிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் மூன்றும் அவரே செயலியைச் செய்தபோது எதிர்கொண்டவை. இதற்கு மாறாக, நான்கு வரி நீளத்துக்குத் தொழில்நுட்பப் பெயர்களை அடுக்கியவரைப் பாருங்கள். 'எம்.வி.வி.எம். தெரியும்' என்று எழுதியிருந்தால், 'திரையைத் திருப்பினால் வியூமாடல் பிழைக்கும், ஆனால் பின்னணியில் இருக்கும்போது சிஸ்டம் செயலியையே நிறுத்திவிட்டால் அது பிழைக்குமா?' என்ற கேள்வி வரும். பிழைக்காது. இது தெரியாதவர் அந்த ஒரு பெயரால் மற்ற எல்லாப் பெயர்களின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்.

> பெட்டிச் செய்தி: அனுப்பும் முன்
>
> - மூன்று செயலியையும் திறந்து, பாதி எழுதிய நிலையில் ஃபோனைத் திருப்பிப் பாருங்கள்.
> - நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.
> - எழுத்தின் அளவை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள்.
> - செயலியில் கையெழுத்திடும் கீஸ்டோர் கோப்பும் கடவுச்சொல்லும் கிட்டில் ஏறவில்லை என்று உறுதி செய்யுங்கள்.
> - இணைப்புகளை வேறொருவர் ஃபோனிலிருந்து தட்டிப் பாருங்கள். 'பிரைவேட்' நிலையில் உள்ள கோடு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

## கடிதத்தால் முடியாதது

இந்தக் கடிதம் பட்டத்தை நிபந்தனையாக வைத்திருக்கும் நிறுவனத்தின் கதவைத் திறக்காது. ஃப்ரெஷரே வேண்டாம் என்று முடிவு செய்த குழுவையும் மாற்றாது. பதில் வராத கடிதங்கள் நிறைய இருக்கும். ஆனால் மேலே சொன்ன முறையில் எழுதியவருக்கு ஒரு நன்மை உண்டு. பதில் வராதபோது, பட்டம் இல்லாததுதான் காரணம் என்று ஊகிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. செயலியைத் திறந்து, படிப்பவர் எங்கே நின்றிருப்பார் என்று தேடலாம். ஒரு பிழையைக் கண்டு திருத்தினால், கடிதத்திலும் ஒரு வரி மாறும்.

ஆகவே நான்காவது செயலியைத் தொடங்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கும் மூன்றில் ஒன்றை எடுத்து, அதை உண்மையாகப் பயன்படுத்தும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் கேட்கும் மாற்றத்தைச் செய்து, பழைய தரவு அழியாமல் அவர் ஃபோனில் அப்டேட் கொடுங்கள். மென்பொருள் நிறுவனத்தில் முதல் மாதம் தரப்படும் வேலையும் பெரும்பாலும் அதுதான்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியில், யாருடைய தரவையும் கெடுக்காமல், ஒரு சிறு மாற்றம். அதை ஒருமுறை செய்து முடித்தவர், அந்த வேலையைச் செய்யத் தெரியும் என்று கடிதத்தில் தயங்காமல் எழுதலாம்.